ஐயாஸ், பாஸ், சாஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய நிறுவனங்களுக்கும் பயிற்சி மையங்களுக்கும் சர்வர் பார்த்துக்கொடுப்பது என் வேலை. கிளவுடுக்கு மாறலாமா என்று பேச்செடுத்தாலே எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை அப்புறம்.

1. ஐயாஸ், பாஸ், சாஸ்னு சொல்றாங்களே, சுருக்கமா என்ன வித்தியாசம்?

கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்தால் அது ஐயாஸ், அதாவது இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஆஸ் எ சர்வீஸ். உங்கள் நிரலை வாங்கி ஓட்டித்தரும் இடத்தை வாடகைக்கு எடுத்தால் பாஸ், பிளாட்ஃபார்ம் ஆஸ் எ சர்வீஸ். வேறொருவர் எழுதி ஓட்டிக்கொண்டிருக்கும் மென்பொருளில் ஒரு கணக்குத் திறந்து பயன்படுத்தினால் சாஸ், சாஃப்ட்வேர் ஆஸ் எ சர்வீஸ்.

அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2011 செப்டம்பரில் வெளியிட்ட வரையறையிலும் இந்த மூன்றுதான் இருக்கின்றன. எந்த அடுக்கு வரை உங்கள் கையில், எங்கிருந்து அவர்கள் கையில் என்பதை வைத்து அது பிரிக்கிறது. நான் இதையே வேறு மாதிரி கேட்பேன்: ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது நின்றுபோனால் எழுந்து பார்க்க வேண்டியது யார்?

2. கம்ப்யூட்டர் பாஷை வேண்டாம் சார், வீட்ல அம்மாவுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க.

கல்யாண விருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் பந்தல் போட்டு, அடுப்பு வெட்டி, எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொண்டால் அது ஆபீஸிலேயே சொந்த சர்வர் வைப்பது மாதிரி. இடமும் கரண்டும் தண்ணீரும் மட்டும் தரும் காலி மண்டபத்தைப் பிடித்தால் அது ஐயாஸ். கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடுவது மண்டபக்காரர் பொறுப்பு. சமையல்காரர், பாத்திரம், கேஸ், மளிகை எல்லாம் நம் பொறுப்பு. சாம்பார் அடிப்பிடித்தால் மண்டபக்காரரிடம் சண்டைக்குப் போக முடியாது.

சில மண்டபங்களில் அடுப்பு, அண்டா, சமையல் ஆட்கள், பரிமாறுகிறவர்கள் எல்லாம் உள்ளேயே இருப்பார்கள். நம் வீட்டுப் பக்குவத்தை எழுதி, மளிகையோடு கொடுத்தால் போதும். அது பாஸ். அங்கே பக்குவம் என்பது நீங்கள் எழுதிய நிரல். விருந்தாளிகளை நேரே ஓட்டலுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தால் அது சாஸ். மெனுவில் இருப்பதில் எது வேண்டுமோ கேட்கலாம். 'எங்கள் பாட்டி வைக்கிற வத்தக்குழம்பு' என்று கேட்க முடியாது.

3. அப்போ ஜிமெயில், ஜோஹோ எல்லாம் எதுல வரும்?

சாஸ். ஜிமெயில், கூகுள் ஷீட்ஸ், ஜோஹோ புக்ஸ் எல்லாம் அந்த வகை. சென்னையில் தொடங்கிய ஜோஹோவும் ஃப்ரெஷ்வொர்க்ஸும் இந்தத் தொழிலில்தான் பெரிதாயின. அமேசானின் இ.சி.2, டிஜிட்டல் ஓஷனின் டிராப்லெட் போன்றவை ஐயாஸ். ஹெரோக்கு, கூகுள் ஆப் எஞ்சின் போன்றவை பாஸ். ஆனால் நிறுவனத்தின் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. ஒரே கூகுள் மூன்றையும் விற்கிறது. எந்தச் சேவை என்று பார்க்க வேண்டும்.

4. எங்க கோச்சிங் சென்டருக்கு ஆன்லைன் மாதிரித் தேர்வு நடத்தணும். மூணுல எதை எடுத்தா என்ன வேலை இருக்கும்?

ஞாயிறு காலை 10 மணிக்கு 500 மாணவர்கள் ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சாஸ் என்றால் மூடில்கிளவுட் மாதிரி, பாடமும் தேர்வும் நடத்த உதவும் இணையச் சேவை ஒன்றில் கணக்குத் திறப்பீர்கள். மாணவர் பட்டியலை ஏற்றி, கேள்விகளைப் போட்டு, அன்று மாலையே வெள்ளோட்டம் பார்த்துவிடலாம். எத்தனை பேர் வரை அனுமதி என்பது நீங்கள் எடுத்த திட்டத்தைப் பொறுத்தது. தவறான விடைக்கு உங்கள் சென்டர் பாணியில் வினோதமான மதிப்பெண் கழிவு வேண்டும் என்றால், அது அமைப்புப் பக்கத்தில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

ஐயாஸ் என்றால், இலவசமாகக் கிடைக்கும் மூடில் மென்பொருளை நீங்களே வாடகை சர்வரில் நிறுவுவீர்கள். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட சர்வர் ஒன்றை எடுத்ததும் முதல் வேலை இப்படித் தொடங்கும்:

```
sudo apt update
sudo apt install nginx mariadb-server php-fpm
```

இது ஆரம்பம்தான். டொமைனை அந்த ஐபி முகவரிக்குத் திருப்ப வேண்டும், எச்.டி.டி.பி.எஸ் சான்றிதழ் வாங்க வேண்டும், மூடிலின் பின்னணி வேலைகளைச் செய்யும் கிரான் நிமிடத்துக்கொருமுறை ஓடும்படி வைக்க வேண்டும், பேக்கப் ஏற்பாடு செய்ய வேண்டும். பாஸ் வழியில் உங்கள் டெவலப்பர் தேர்வுச் செயலியைத் தானே, உதாரணமாக ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில், எழுதியிருப்பார். `Procfile` என்ற கோப்பில் `web: gunicorn exam.wsgi` என்று ஒரு வரி எழுதி `git push heroku main` கொடுத்தால், பைத்தான் நிறுவுவது, சான்றிதழ் போடுவது எல்லாம் அந்தப் பக்கம் நடந்துவிடும். எழுத டெவலப்பர் இல்லாதவர்களுக்குப் பாஸால் எந்தப் பயனும் இல்லை. நிறையப் பேர் அதை ஏதோ 'நடுத்தர விலைத் திட்டம்' என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

5. ஐயாஸ்ல சர்வர் எடுத்தா செக்யூரிட்டி எல்லாம் அவங்களே பார்த்துக்குவாங்கல்ல?

கட்டடத்துக்குக் காவல், வன்பொருள், ஒரு வாடிக்கையாளரின் சர்வரிலிருந்து இன்னொருவருடையதற்குள் போக முடியாதபடி வைத்திருக்கும் தடுப்பு, இவ்வளவும் அவர்கள் வேலை. சர்வருக்குள்ளே ஓடும் உபுண்டுவும் அதற்கு மேலே இருப்பதும் உங்கள் வேலை. மண்டபத்தின் வெளிக் கேட்டில் வாட்ச்மேன் இருக்கிறார், மணமகள் அறைக்குப் பூட்டு நாம்தான் போட வேண்டும்.

சந்தேகமிருந்தால் புது சர்வர் ஒன்றை எடுத்து, தூரத்திலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்.எஸ்.எச் கதவைத் திறந்துவைத்துவிட்டு, ஒரு நாள் கழித்து `journalctl -u ssh` கொடுத்துப் பாருங்கள். இந்த மாதிரி வரிகள் வரிசையாக நிற்கும்:

```
Invalid user admin from 203.0.113.45 port 51122
Invalid user oracle from 203.0.113.45 port 51260
```

உங்களை யாரும் குறிவைக்கவில்லை. இணையத்தில் இருக்கும் எல்லாக் கதவையும் தட்டிப் பார்க்கும் தானியங்கிகள் இவை. கடவுச்சொல்லால் உள்ளே வருவதை நிறுத்தி, சாவிக் கோப்பால் மட்டும் வரும்படி வைத்து, எஸ்.எஸ்.எச்-இன் கதவான 22-ஆம் போர்ட்டை உங்கள் முகவரிக்கு மட்டும் திறந்தால் இதில் பெரும்பகுதி அடங்கிவிடும். பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவுவதும் உங்கள் கணக்குதான். 2014-இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது, சாஸில் இருந்தவர்களுக்காக அந்த நிறுவனமே அடைத்தது. வாடகை சர்வரில் இருந்தவர்கள் தாங்களே உட்கார்ந்து அடைக்க வேண்டியிருந்தது.

6. அப்போ சாஸ்ல நமக்குப் பொறுப்பே கிடையாதா?

உண்டு. யாருக்குக் கணக்கு கொடுத்தீர்கள், வேலையை விட்டுப் போனவரின் கணக்கை மூடினீர்களா, எதை யாருடன் பகிர்ந்தீர்கள் என்பதெல்லாம் மூன்று வகையிலும் உங்கள் பக்கம்தான். நாளைய கேள்வித்தாள் இருக்கும் கூகுள் ஷீட்டை 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்று வைத்து வாட்ஸாப்பில் ஓர் ஆசிரியருக்கு அனுப்பினால், அது எங்கெல்லாம் சுற்றும் என்று சொல்லவே வேண்டாம். கூகுளின் பாதுகாப்பில் ஓட்டை எதுவும் இல்லாமலேயே கேள்வித்தாள் வெளியாகிவிடும்.

7. அண்ணா, ஹெரோக்குல செயலி ஓடுது. மாணவர் போட்டோ எல்லாம் அப்லோட் ஆச்சு, நல்லா தெரிஞ்சுது. மறுநாள் காலையில ஒண்ணுமில்ல. யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா?

இல்லை, அந்தப் பிளாட்ஃபார்ம் நடந்துகொள்ளும் விதமே அப்படித்தான். அங்கே உங்கள் நிரல் டைனோ எனப்படும் ஒரு கன்டெய்னருக்குள், அதாவது தனியாகப் பிரித்துவைத்த ஒரு சிறு பெட்டிக்குள், ஓடுகிறது. டைனோ குறைந்தது நாளுக்கு ஒருமுறை மறுதொடக்கம் ஆகும். புதுப் பதிப்பை ஏற்றினாலும் ஆகும். அப்படி ஆகும்போது பழைய கன்டெய்னரைத் தூக்கியெறிந்துவிட்டு, நீங்கள் கிட் வழியே கடைசியாக ஏற்றிய நிரலிலிருந்து புதிதாக ஒன்றை எழுப்புகிறார்கள். இடையில் அதன் வட்டில் எழுதியது எதுவும் மிஞ்சாது. பந்தி முடிந்ததும் இலையைச் சுருட்டி எடுப்பது போல. இலையில் கணக்கு எழுதி வைத்தால் போய்விடும்.

வேண்டுமென்றேதான் இப்படி வைத்திருக்கிறார்கள். எந்த நகலிலும் தனிப்பட்ட சரக்கு இல்லை என்றால்தான், ஒன்று செத்தாலும் இன்னொன்றை உடனே எழுப்ப முடியும், கூட்டம் வந்தால் நான்காகப் பெருக்க முடியும். கண்டுபிடிப்பது எளிது: தரவுத்தளத்தில் போட்டோவின் பெயர் இருக்கும், படம் இருக்க வேண்டிய இடத்தில் 404 வரும். படங்களை அமேசான் எஸ்3 மாதிரியான தனிச் சேமிப்பில் வைத்து, முகவரியை மட்டும் தரவுத்தளத்தில் வைத்தால் தீர்ந்தது. மூடிலை இந்த மாதிரி பாஸில் ஏற்ற முயன்று பலர் தடுமாறுவதும் இதனால்தான். அது தன் கோப்புகளை வைக்க நிலையான ஒரு `moodledata` கோப்புறை கேட்கும்.

8. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வந்தா தானா பெரிசாகும்னு விளம்பரத்துல போட்டிருக்கே, நிஜமா?

சாஸில் அது அவர்கள் கவலை. ஐயாஸில் நீங்கள் ஏற்பாடு செய்யாமல் எதுவும் தானாகப் பெரிதாகாது. கேள்வி 4-இல் சொன்ன மூடிலை 2 ஜிபி நினைவகத்தில் போட்டு 500 பேரை விட்டால், பி.எச்.பி செயல்கள் ஒவ்வொன்றும் தன் பங்கு நினைவகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கட்டத்தில் லினக்ஸ், அதிக இடம் பிடித்திருக்கும் செயலைப் பார்த்துக் கொல்லும். பெரும்பாலும் அது தரவுத்தளமாகவே இருக்கும். மாணவர்கள் திரையில் 'தரவுத்தளத் தொடர்பு இல்லை' என்று வரும். `dmesg` கொடுத்தால் காரணம் இப்படித் தெரியும்:

```
Out of memory: Killed process 1187 (mariadbd)
```

பாஸில் வலை நகல்களைக் கூட்டுவது உண்மையிலேயே எளிது. ஆனால் நகல்கள் நான்கானாலும் பின்னால் இருக்கும் தரவுத்தளம் ஒன்றுதான். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் இயல்பாக 100 இணைப்புகளை ஏற்கும், அதில் 3 நிர்வாகிக்கு ஒதுக்கியிருக்கும். உங்கள் ஜாங்கோ செயலி ஒரு நகலுக்கு 4 வொர்க்கர், அதாவது தனித்தனிச் செயல்கள், வொர்க்கருக்குள் ஒரே நேரத்தில் ஓடும் 8 த்ரெட் என்று ஓடினால், ஒரு நகல் 32 இணைப்புகள் வரை பிடிக்கும். மூன்று நகலுக்கு 96, தாங்கும். கூட்டம் அதிகம் என்று நான்காவதைக் கூட்டிய நிமிடத்தில் `FATAL: remaining connection slots are reserved` என்று தொடங்கும் பிழை விழும். உதவிக்காகக் கூட்டியதே கவிழ்த்துவிடும். பிஜிபவுன்சர் போன்ற ஒன்றை நடுவில் வைத்து, பல த்ரெட்டுகள் சில இணைப்புகளைப் பகிரும்படி செய்வது வழக்கமான தீர்வு. இதைத் தேர்வுக்கு முந்தின வாரமே செயற்கைக் கூட்டம் விட்டுச் சோதிக்க வேண்டும்.

9. எது மலிவு?

பட்டியல் விலையில் ஐயாஸ் மலிவு. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளத்தைச் சேர்த்தால் கணக்கு மாறும். வாரத்தில் ஒரு தேர்வு நடத்தும் சென்டருக்கு, ஆள் வைத்து சர்வர் பார்ப்பது கட்டாது என்பது என் கருத்து. சாஸ் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று வாங்கும். 50 பேருக்குச் சுகமாக இருப்பது 5,000 பேருக்கு வலிக்கும்.

ஐயாஸ் பில்லில் ஒன்றைக் கவனியுங்கள். சர்வரை 'ஸ்டாப்' செய்தால் வாடகை நின்றுவிட்டதாக நினைப்பார்கள். அமேசானின் இ.சி.2-இல் ஓட்டும் கட்டணம்தான் நிற்கும். இணைத்த வட்டுக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கும். அமேசானில் நிலையாக ஒதுக்கி வாங்கிய பொது ஐபி முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வரும். மாதத்துக்குச் சுமார் 3.6 டாலர். ஒன்றுக்குப் பெரிதல்ல, மறந்துபோன பத்து இருந்தால் தெரியும்.

10. பேக்கப் அவங்க எடுப்பாங்கல்ல?

வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓ.வி.எச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்தது. வேறு ஊரில் பேக்கப் வைத்திருந்தவர்கள் மீண்டார்கள். வைக்காத வாடிக்கையாளர்கள் பலர் தரவை நிரந்தரமாக இழந்தார்கள். ஐயாஸில் பேக்கப் என்பது நீங்கள் கேட்டு, காசு கட்டி, அமைக்க வேண்டிய தனிச் சேவை. அதை அதே கட்டடத்தில் வைத்தால் பாதிப் பயன்தான்.

சாஸில் நிறுவனம் பேக்கப் எடுக்கும், ஆனால் அது அவர்கள் கட்டடம் எரிந்தால் மீள்வதற்கு. உங்கள் ஆள் தெரியாமல் அழித்ததை மீட்பது வேறு விஷயம். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் கோப்பு 30 நாள் இருக்கும், பிறகு தானாகப் போய்விடும். தேர்வு முடிவுகளை மாதம் ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்வது வீண் வேலை அல்ல.

11. வேர்ட்பிரஸ் எந்த வகை?

மென்பொருளுக்கு வகை கிடையாது, அதை எப்படி வாங்குகிறீர்கள் என்பதற்குத்தான் வகை. `wordpress.com`-இல் கணக்குத் திறந்தால் சாஸ். அதே வேர்ட்பிரஸை இறக்கி வாடகை சர்வரில் நீங்களே நிறுவினால், சர்வர் ஐயாஸ், வேர்ட்பிரஸ் உங்கள் சொத்து, அதன் தலைவலியும் உங்களுடையது. ஷேர்டு ஹோஸ்டிங் என்று விற்பது இந்த மூன்றுக்கும் முந்தைய வழக்கம். இழுத்து வைத்தால் பாஸுக்குப் பக்கத்தில் வரும்.

12. மேனேஜ்டு டேட்டாபேஸ், லாம்டா, குபர்நெட்டீஸ் இதெல்லாம் எங்க வைக்கிறது? இன்டர்வியூல கேக்குறாங்க.

எல்லைக்கோட்டில் நிற்பவை இவை. கேள்வி 1-இல் சொன்ன ராத்திரி இரண்டு மணிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மேனேஜ்டு போஸ்ட்கிரெஸில் வட்டு பழுதானால், திருத்தம் நிறுவ வேண்டியிருந்தால், அவர்கள் பார்ப்பார்கள். உங்கள் வினவல் மெதுவாக ஓடினால், இன்டெக்ஸ் போடாமல் விட்டிருந்தால், நீங்கள். ஆகவே பாஸ் பக்கம் வைக்கலாம். அமேசானின் லாம்டாவில் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு ஃபங்ஷனை மட்டும் கொடுக்கிறீர்கள். அதுவும் பாஸின் தம்பிதான். பல கன்டெய்னர்களை ஓட்டி மேய்க்கும் குபர்நெட்டீஸை மேனேஜ்டாக வாங்கினால் கட்டுப்பாட்டு அடுக்கு அவர்களிடம், மேலே ஓடுவதன் பெரும்பகுதி உங்களிடம். அதனால் ஐயாஸுக்கும் பாஸுக்கும் நடுவில். பெயர் சொல்வதைவிட, கோட்டை எங்கே போடுகிறீர்கள், ஏன் என்று விளக்கினால் கேட்பவருக்குத் திருப்தி.

13. ஹெரோக்குவே அமேசான் மேலதான் ஓடுதாமே? அப்புறம் அது எப்படி பாஸ் ஆகும்?

ஓடுகிறது, உண்மைதான். வகை என்பது வாங்குகிறவர் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்பது. அமேசானிடம் ஹெரோக்கு வாங்குவது ஐயாஸ், ஹெரோக்குவிடம் நீங்கள் வாங்குவது பாஸ். நீங்கள் அதன் மேல் கட்டிய தேர்வுச் செயலியை மற்ற சென்டர்களுக்குச் சந்தாவுக்கு விட்டால், அவர்களுக்கு அது சாஸ். கீழ் அடுக்கு விழுந்தால் மேலே எல்லாம் விழும். 2021 டிசம்பர் 7 அன்று அமேசானின் வர்ஜீனியா மையத்தில் கோளாறு வந்தபோது, தாங்கள் அமேசான் வாடிக்கையாளர்கள் என்றே தெரியாதவர்களின் சேவைகளும் நின்றன.

மண்டப உவமை உடையும் இடமும் இதுதான். மண்டபத்தில் ஒரு முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணம். இங்கே ஒரே கூடத்தில் ஆயிரம் கல்யாணம் ஒரே நேரத்தில், ஒருவர் கண்ணுக்கு இன்னொருவர் தெரியாமல் நடக்கிறது. அதனால்தான் நொடிக் கணக்கில் வாடகை விட அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது.

14. ஒண்ணுல ஆரம்பிச்சுட்டு பின்னாடி மாத்திக்க முடியுமா?

முடியும், செலவு வேறுபடும். ஐயாஸிலிருந்து ஐயாஸுக்கு மாறுவது சுலபம், எங்கும் உபுண்டு உபுண்டுதான். பாஸில் அந்த நிறுவனத்துக்கே உரிய வசதிகளை எவ்வளவு தொட்டிருக்கிறீர்களோ அவ்வளவு கஷ்டம். ஹெரோக்கு 2022 நவம்பர் 28 முதல் இலவசத் திட்டத்தை நிறுத்தியபோது, சாதாரண ஜாங்கோவும் போஸ்ட்கிரெஸும் வைத்திருந்தவர்கள் `pg_dump` கட்டளையால் தரவுத்தளத்தின் நகலை எடுத்து வேறிடத்தில் ஏற்றிக்கொள்ள முடிந்தது. அதன் ஆட்-ஆன்களைப் பல இடங்களில் கோத்திருந்தவர்களுக்கு வேலை அதிகம்.

சாஸில் கேட்க வேண்டியது, தரவு எந்த வடிவில் வெளியே வரும் என்பது. மூடில்கிளவுட் என்றால் பாடம் முழுவதையும் `.mbz` கோப்பாக எடுத்து, நாளைக்கு உங்கள் சொந்த சர்வரில் இருக்கும் மூடிலில் ஏற்றலாம், கேள்விகள் கேள்விகளாகவே வரும். சில சேவைகளில் 'எக்ஸ்போர்ட்' என்று அழுத்தினால் மதிப்பெண் பட்டியல் மட்டும் எக்ஸெல் கோப்பாக வரும், கேள்வி வங்கி வெளியே வராது. அதனால் பணம் கட்டுவதற்கு முன்பு, இலவசச் சோதனைக் காலத்திலேயே பத்துக் கேள்வி போட்டு, ஏற்றுமதி செய்து, வந்த கோப்பைத் திறந்து பாருங்கள். விடைக்குறிப்பும் அதில் வந்திருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள்.